கையிலிருந்து பெட்டி வரை

மூவாரில் நான் நடத்தும் தொற்றுத் தடுப்புப் பயிற்சி வகுப்பில் மேசைமேல் முதலில் மூன்று பொருள்களை வைப்பேன். நரம்பு ஓடும் ரப்பர் கை ஒன்று, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், ஒரு ஸ்டாப்வாட்ச். தாதிமை படிக்கும் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து ரப்பர் கையில் ஊசி போட்டு 'ரத்தம்' எடுப்பார்கள். நான் நேரம் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ரத்தம் எடுக்கும் வேகத்தைத்தான் கணக்கிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவசர அவசரமாக எடுப்பார்கள். நான் அதைப் பார்ப்பதில்லை. ஊசி தோலைவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். அது மஞ்சள் பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்டதும் நிறுத்துவேன்.

அந்த இடைவெளி சிலருக்கு ஐந்து விநாடி. பலருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பஞ்சை எடுத்துக் குத்திய இடத்தில் அழுத்துகிறாள். அதற்காக ஊசியைத் தட்டில் வைக்கிறாள். தட்டில் பஞ்சு, பிளாஸ்திரி, உறை கிழித்த காகிதம் எல்லாம் கிடக்கின்றன. பிறகு ஊசியின் மூடியைத் தேடுகிறாள். இடது கையில் மூடி, வலது கையில் ஊசி, இரண்டும் எதிரெதிரே நெருங்கி வருகின்றன. வகுப்பில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்தக் கணத்தில்தான்.

ஊசி குத்துவது நோயாளிக்கு ஊசி போடும்போதுதான் நடக்கும் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். நோயாளி திமிறுவார், கை நழுவும், குத்திவிடும் என்பது அவர்கள் கணக்கு. அப்படியும் நடக்கிறது. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜேனின் ஜாகரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 326 ஊசிக்குத்துக் காயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தக் கருவி, எந்த வேலை, எந்தக் கட்டம் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1988இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஊசியைப் பயன்படுத்துவதற்கு முன்போ பயன்படுத்தும்போதோ ஏற்பட்ட காயங்கள் 17% மட்டுமே. பயன்படுத்தி முடித்த பின், வீசுவதற்கு முன் ஏற்பட்டவை 70%. மீதி 13% வீசும்போதோ வீசிய பிறகோ நேர்ந்தவை. மொத்தக் காயங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஊசிக்குத் திரும்பவும் மூடி போடும் வேலையோடு தொடர்புடையது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரித்தெடுக்க வேண்டிய கருவிகள், அதாவது பயன்படுத்திய பிறகு ஊசியை ஒரு பக்கமும் குழாயையோ உருளையையோ இன்னொரு பக்கமும் கழற்ற வேண்டியவை, சாதாரண சிரிஞ்சைப்போல 5.3 மடங்கு வரை காயம் விளைவித்தன. ஊசியின் கூர்மை எல்லாவற்றிலும் ஒன்றுதான். கை செய்ய வேண்டிய வேலைகளின் எண்ணிக்கைதான் மாறியது. மூடி போடாதே என்று சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிட்டால் காயம் குறையாததற்குக் காரணமும் அந்த ஆய்விலேயே கிடைத்தது. மூடி போட்டவர்கள் அறியாமையால் போடவில்லை. பெட்டி தூரத்தில் இருக்கிறது, கையில் இன்னும் இரண்டு மூன்று பொருள்கள் இருக்கின்றன, வார்டின் நடுவே திறந்த ஊசியோடு நடந்தால் வேறு யாரையாவது குத்திவிடும். அந்தப் பயத்தில்தான் மூடி போட்டார்கள். ஓர் ஆபத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் விரலை வைத்தார்கள்.

ஆகவே என் வகுப்பில் பெட்டியைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தால் மூடிக்கு வேலையே இல்லை. மூடி போட்டே தீர வேண்டிய சில வேளைகள் வரும். அப்போது ஒரு கையால் மட்டுமே போட வேண்டும். மூடியைத் தட்டையான இடத்தில் கிடத்திவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையிலுள்ள ஊசியால் மூடியை அள்ளி எடுத்து, நிமிர்த்தி, மேசையில் அழுத்தி இறுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்பதை நான் விளையாட்டாகச் சொல்வதில்லை. இடது கை முன்னால் இருந்தால் அது உதவிக்கு வந்தே தீரும்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு மலேசியாவில் வேலைக்கு வந்த தாதி ஒருவர் ஒருமுறை என் வகுப்பில் ஊசி வெட்டும் கருவி எங்கே என்று கேட்டார். இங்கே கிடையாது என்றேன். "அப்படியானால் சிரிஞ்சை எந்தப் பையில் போடுவீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கான விடையில் இரண்டு நாடுகளின் அனுபவம் இருக்கிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியை வெட்டியோ எரித்தோ, துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் போட வேண்டும். ஊசி நீங்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சு சிவப்புப் பைக்குப் போகும். கையுறை, சிறுநீர்ப் பை, ரத்தம் ஏற்றும் குழாய் எல்லாமும் அதே சிவப்புப் பைக்குத்தான். சிவப்புப் பையை எரிப்பதில்லை, நீராவியில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். குளோரின் உள்ள பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்சின் என்ற நச்சு உண்டாகும் என்பது அதற்குக் காரணம். ஊசியை வெட்டுவதற்கான காரணம் குஜராத்தின் மோடாசாவில் 2009இல் தெரியவந்தது. அங்கே பரவிய கல்லீரல் அழற்சி பி நோய் பல உயிர்களைப் பறித்தது. பயன்படுத்திய சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியது அதன் பின்னணியில் இருந்தது. பழைய சிரிஞ்சுகளைச் சேகரித்து விற்ற ஒரு சந்தையே அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஊசியை வெட்டிவிட்டால் யாரும் சிரிஞ்சைக் கழுவி உறையிலிட்டு விற்க முடியாது.

மலேசியாவில் மருத்துவக் கழிவு, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குமுறைகளின் கீழ் எஸ்.டபிள்யூ. 404 என்ற எண்ணில் வருகிறது. வார்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது எளிது. ரத்தமும் உடல் திரவமும் பட்டவை மஞ்சள் பைக்கு. அது எரியூட்டும் ஆலைக்குப் போகும். ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் கிருமி வளர்ப்புத் தட்டு போன்றவை இளநீலப் பைக்கு. அவற்றை முதலில் நீராவியில் கிருமி நீக்கிய பிறகே மஞ்சள் பைக்குள் வைப்பார்கள். வீட்டுக் குப்பை போன்றவை கறுப்புப் பைக்கு. சிரிஞ்சும் ஊசியும் பிரியாமல், வெட்டாமல், மூடாமல், அப்படியே கூர்முனைப் பெட்டிக்குள் போகும். ஷார்ப்ஸ் பின் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இரண்டு முறைகளில் எது சரி என்று அந்தத் தாதி கேட்டார். என் கருத்தை ஒளிக்காமல் சொன்னேன். பெட்டி சீல் வைக்கப்பட்டு, எண்ணிப் பதிவுசெய்து, ஆலை வரை நம்பிக்கையாகப் போய்ச் சேரும் இடத்தில் வெட்டுவது தேவையற்ற ஒரு வேலை. ஜாகரின் ஆய்வு காட்டியபடி ஒவ்வொரு கூடுதல் வேலையும் ஒரு கூடுதல் வாய்ப்பு. வெட்டும்போது நுண்ணிய துளிகள் தெறிக்கவும் கூடும். ஆனால் சிரிஞ்சு வழியில் காணாமல் போகக்கூடிய இடத்தில், வெட்டும் தாதி தன் விரலுக்கான சிறிய ஆபத்தை ஏற்று ஒரு ஊரையே காக்கிறாள். எந்த இடத்தில் கழிவு தொலைகிறது என்பதைப் பார்த்துத்தான் விதியை மதிப்பிட வேண்டும். திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூரில் 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டுக் கிடந்ததையும், பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு அதைக் கேரளமே லாரிகளில் அள்ளிச் சென்றதையும் படித்தவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

இனி பெட்டிக்குள் எட்டிப் பார்ப்போம். நல்ல கூர்முனைப் பெட்டியின் பக்கவாட்டில் முக்கால் அளவில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தொட்டதும் மூடி பூட்டிவிட வேண்டும். பூட்டினால் திரும்பத் திறக்காது. அந்தக் கோட்டைத் தாண்டி நிரம்பிய பெட்டிகளை நான் கவிழ்க்காமல், விளக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். மேலே தெரிவது பெரும்பாலும் ஊசியல்ல. சிரிஞ்சு உறை, கையுறை, ரத்தம் படாத பஞ்சு, சில வேளை காப்பிக் கிண்ணம்கூட. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பாதுகாப்பு கருதிப் போட்டவை. ஒரு நாளைக்குப் போதுமான பெட்டி இவற்றால் மதியத்திலேயே நிறைந்துவிடும். அடுத்து வருபவர் சிரிஞ்சைத் திணிப்பார். அது பாதியில் நிற்கும். அவர் விரலால் தள்ளுவார். அந்த விரல் படும் இடத்தில் காலையில் போட்ட ஊசி ஒன்று மேல்நோக்கி நிற்கும்.

குப்பையை நிறம் பார்த்துப் பிரிப்பதும் ஊசி குத்தாமல் காப்பதும் இரண்டு தனிப் பாடங்கள் என்று பாடநூல்கள் பிரித்து வைத்திருக்கின்றன. பெட்டியின் வாயில் அவை ஒன்றாகிவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவமனைக் குப்பையில் ஏறக்குறைய 85% வீட்டுக் குப்பை போன்றதுதான். அந்த 85% கறுப்புப் பைக்குப் போனால்தான் பெட்டியில் ஊசிக்கு இடமிருக்கும்.

எதிர்த் தவறும் உண்டு. ஊசி ஒன்று மஞ்சள் பைக்குள் போய்விடுவது. தட்டில் பஞ்சோடு பஞ்சாகக் கிடந்த ஊசியை, தட்டையே கவிழ்த்துக் கொட்டும்போது இது நடக்கும். பை மெல்லிய பிளாஸ்டிக். துப்புரவுப் பணியாளர் அதைத் தூக்கும்போது இன்னொரு கையால் அடியில் தாங்குவார், அல்லது நடக்கையில் தொடையில் உரசும். குத்தியது எந்த நோயாளியின் ஊசி என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பயன்படுத்தியவரின் கையில் குத்தினால் நோயாளி யார் என்று தெரியும், பரிசோதிக்கலாம். பையில் குத்தினால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே பையை அதன் கழுத்தைப் பிடித்து மட்டுமே தூக்க வேண்டும், உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும், அடியில் கை கொடுக்கக் கூடாது என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தட்டைக் கவிழ்த்தவரின் தவறை அவர்களின் தொடை தாங்கும்படி விடுவது நியாயமில்லை என்பதால், ஒவ்வொரு வகுப்பிலும் இதைக் கூடுதல் நேரம் எடுத்துப் பேசுகிறேன்.

இவ்வளவையும் மீறிக் குத்திவிட்டால் என்ன செய்வது? சில ஆண்டுகளுக்கு முன் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயரும் ஆள்களின் பெயரும் வேண்டாம்.

விடிகாலை 5:50 மணி. வார்டில் ஒரு பெரியவர். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நரம்புகள் மெலிந்து போனவர். வெற்றிடக் குழாயை நேரடியாகப் பொருத்தினால் அந்த நரம்பு உள்ளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தாதி சிரிஞ்சால் ரத்தம் எடுத்தார். எடுத்த ரத்தத்தைக் குழாய்க்கு மாற்ற வேண்டும். இடது கையில் குழாயைப் பிடித்தார், வலது கையிலிருந்த ஊசியை ரப்பர் அடைப்பானில் குத்தினார். ஊசி வழுக்கி இடது சுட்டுவிரலின் பக்கவாட்டில் இறங்கியது. கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி விரிந்தது.

அவர் செய்த முதல் காரியம் சரியானது. ஊசியைத் தூக்கி எறியாமல் பெட்டியில் போட்டார், கையுறையைக் கழற்றினார், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு விரலைப் பிதுக்கத் தொடங்கினார். பிதுக்கினால் கெட்ட ரத்தம் வெளியேறும் என்ற எண்ணம் எல்லாருக்கும் இருக்கிறது. பாம்புக்கடியில் கத்தி வைத்துக் கீறிய பழைய பழக்கத்தின் மிச்சம்தான் அதுவும். பிதுக்குவதால் தொற்று குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. நசுக்கிய திசுவில் ரத்தம் பாய்ந்து வீங்கும், அவ்வளவுதான். பிளீச், ஸ்பிரிட் ஊற்றுவதும் அப்படியே. திசுவை அரிக்குமே தவிர உள்ளே போனதைத் தொடாது. வாயில் வைத்து உறிஞ்சுவது புதிதாக ஒரு வாசலைத் திறப்பது. சோப்பும் தண்ணீரும் போதும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ உப்புநீரோ விட்டுப் பல நிமிடம் அலச வேண்டும்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மீதி நான்கு நோயாளிகளுக்கும் ரத்தம் எடுத்து முடித்தார். சிஸ்டரிடம் சொன்னபோது மணி 7:20.

"சிஸ்டர், எனக்கு ஊசி குத்திருச்சு."

"எப்பம்மா? யாரோட ஊசி?"

நல்ல சிஸ்டர். ஏன் கவனமில்லை என்று கேட்கவில்லை. கேட்டது இரண்டே கேள்வி. அந்த இரண்டு பதிலை வைத்துத்தான் அடுத்ததெல்லாம் முடிவாகும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்த நோய்க்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பது தெளிவாகும். ரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே குழலாக இருப்பது. தையல் ஊசி போலத் திடமானதல்ல. குழலில் தங்கிய ரத்தம் உள்ளே போகும். இப்படி ஒரு குத்தில் உடலுக்குள் புகும் ரத்தம் ஏறக்குறைய ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கையுறையைத் துளைத்து வரும்போது ஊசியின் வெளிப்புற ரத்தம் ரப்பரில் துடைபட்டு அந்த அளவு பாதியாகவும் குறையலாம். கையுறை ஊசியைத் தடுக்காது, ஆனாலும் வீண் இல்லை.

சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளி ஒருவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை வைரஸ் பிரதிகள் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் அது பத்து முதல் நூறு. கல்லீரல் அழற்சி பி வைரஸோ ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடியைத் தொடும். அதே ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு லட்சம். ஆகவேதான் எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000இல் சுமார் 3 என்றும், தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரல் அழற்சி பி தொற்றும் வாய்ப்பு 1000இல் 300 வரை போகலாம் என்றும் சொல்கிறோம். அதோடு பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் வீரியத்தோடு இருக்கும். மக்களின் பயமோ தலைகீழாக இருக்கிறது. அந்தத் தாதியும் எச்.ஐ.வி. என்ற சொல்லைத்தான் அழுதுகொண்டே சொன்னார்.

அதனால் எச்.ஐ.வி.யைத் தள்ளிப்போடலாம் என்று பொருளில்லை. அதற்குத்தான் அவசரம் அதிகம். வைரஸ் குத்திய இடத்தில் சில செல்களில் புகுந்து, அங்கிருந்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ப் பெருகுவதற்குள் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் மருந்து இருந்தால் பெருக்கம் நின்றுவிடும். குரங்குகளில் நடந்த சோதனைகளில் ஒரு நாளுக்குள் தொடங்கி 28 நாள் கொடுத்தபோது காப்பு கிடைத்தது. தாமதமாகத் தொடங்கியபோதும் நாள்களைக் குறைத்தபோதும் காப்பு நழுவியது. மனிதர்களிடம் அப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் ஊசி குத்தித் தொற்றிய 33 சுகாதாரப் பணியாளர்களைத் தொற்றாதவர்களோடு ஒப்பிட்ட 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று வாய்ப்பு 81% குறைந்திருந்தது. ஆழமாகக் குத்தியது, ஊசியில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் இருந்தது, நரம்புக்குள் இருந்த ஊசி என்பவை வாய்ப்பைக் கூட்டியதாகவும் அதே ஆய்வு சொன்னது. நம் தாதியின் விரலில் இந்த மூன்றும் இருந்தன.

ஆகவே மருத்துவர் நோயாளியின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. 8:05 மணிக்கு முதல் மாத்திரை. இன்று இதற்கு டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபின், அவற்றோடு டோலுடெக்ராவிர் போன்ற ஒன்று என மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாகத் தொடங்குவதில்லை. அவர் இரண்டு மணி நேரத்தை ஒரு கால் மணி தாண்டியிருந்தார். நான்கு நோயாளிகளை முடித்துவிட்டு வந்ததன் விலை அது.

இதற்கிடையே சிஸ்டர் பெரியவரின் படுக்கைக்குப் போனார். நோயாளியைப் பரிசோதிக்க அவர் சம்மதம் வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். "ஐயா, உங்க ஊசி எங்க பிள்ளை கையில குத்திருச்சு. உங்க ரத்தத்துல மூணு டெஸ்ட் பண்ணிக்கவா? முடிவை உங்ககிட்டயும் சொல்வோம், வெளிய யாருக்கும் போகாது." பெரியவர் கையை நீட்டினார். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டார்.

ஊசியைப் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று சில மாணவிகள் கேட்பார்கள். கூடாது. அதில் முடிவு நம்பத்தக்கதாக வராது. அதோடு அதைத் தேடி எடுத்து உறையிலிடும் கை ஒன்று புதிதாக ஆபத்தில் மாட்டும். பரிசோதிக்க வேண்டியது ஆளை.

ஒன்பது மணி வாக்கில் விரைவுச் சோதனை முடிவு வந்தது. எச்.ஐ.வி. இல்லை. அண்மைக் காலத்தில் தொற்றியிருக்கக்கூடிய காரணம் எதுவும் அவருக்கு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துகொண்ட பிறகு மாத்திரை நிறுத்தப்பட்டது. ஒரே ஒரு வேளையோடு முடிந்தது. அழற்சி சி-யும் இல்லை. இருந்திருந்தால் அதற்குத் தடுப்பு மருந்து கிடையாது. சில வாரங்களில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடி ரத்தச் சோதனை செய்து, தொற்றியிருந்தால் சிகிச்சை தொடங்குவார்கள். மலேசியா 2017இல் சோஃபோஸ்புவிர் மருந்துக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கி விலையை இறக்கிய நாடு என்பதால் அந்தச் சிகிச்சை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அழற்சி பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜன் மட்டும் இருந்தது. பெரியவருக்கே அது தெரியாது.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் அழற்சி பி தடுப்பூசி 1989இல் தொடங்கியது. பெரியவர் அதற்கு வெகுகாலம் முன் பிறந்தவர். தாதி அதன்பின் பிறந்தவர், மூன்று ஊசியும் குழந்தையிலேயே போட்டவர். அப்படியானால் கவலையில்லை என்று வார்டில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். மருத்துவர் விடவில்லை. தடுப்பூசி போட்ட பிறகு எதிர்ப்புப்பொருள் எவ்வளவு என்று எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்ததில்லை. அன்று காலை எடுத்த ரத்தத்தில் அளவு 4. காப்பு உண்டு என்று சொல்ல 10ஆவது வேண்டும்.

குழந்தையில் போட்ட தடுப்பூசியின் எதிர்ப்புப்பொருள் இருபது வயதைத் தாண்டும்போது பலருக்கு இப்படி அடியில் இறங்கிவிடும். உடலின் நினைவு அழிந்துவிட்டது என்று பொருளல்ல. வைரஸைக் கண்டதும் நினைவுச் செல்கள் விழித்து மீண்டும் உற்பத்தி செய்யக்கூடும். ஆனால் இவருக்கு முதலிலேயே உடல் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதற்கு ஒரு பதிவும் இல்லை. பதிவில்லாத நினைவை நம்பி ஒரு கல்லீரலைப் பணயம் வைக்க முடியாது.

ஆகவே இரண்டு ஊசி. ஒன்று, ஆயத்தமான எதிர்ப்புப்பொருளையே செலுத்தும் இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.06 மில்லிலிட்டர். அவர் 58 கிலோ. 58ஐ 0.06ஆல் பெருக்கினால் 3.48. ஏறக்குறைய மூன்றரை மில்லிலிட்டர், தசையில். 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியதை அன்று பிற்பகலே போட்டார்கள். இன்னொன்று, வேறு தசையில் புதிய தடுப்பூசி வரிசையின் முதல் டோஸ். முதலாவது கடன் வாங்கிய காப்பு, சில மாதத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது அவர் உடல் தானே சம்பாதிப்பது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடன் வாங்கிய எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் இருக்கும்வரை, தானே சம்பாதித்தது எவ்வளவு என்று அளக்க முடியாது. சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. அவசரப்பட்டு இரண்டாம் மாதம் பார்த்துவிட்டு 'ஆகா, காப்பு வந்துவிட்டது' என்று கோப்பை மூடியவர்களை அறிவேன். ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த ஆறு மாதத்தில் வார்டில் சில மாற்றங்கள் வந்தன. விசாரணையில் யாரும் தாதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. பெரியவரின் படுக்கையிலிருந்து கூர்முனைப் பெட்டி எத்தனை அடியில் இருந்தது என்று நடந்து பார்த்தார்கள். பதினொரு அடி. தள்ளுவண்டியில் குழாய்களை நிறுத்தி வைக்கும் தாங்கி இல்லை. அதனால்தான் அவர் குழாயைக் கையில் பிடித்தார். மூவார் மரச்சாமான் செய்யும் ஊர். சுத்தியலால் அடிக்கும்போது ஆணியை விரலில் பிடிக்காதே, குறட்டால் பிடி என்று பட்டறையில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். குழாயும் அப்படித்தான். தாங்கியில் நிறுத்திவிட்டு, இடது கையை விலக்கிக்கொண்டு, ஒரு கையால் ஊசியை அடைப்பானில் இறக்க வேண்டும். பிஸ்டனை அழுத்தக் கூடாது, வெற்றிடமே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். முடிந்தால் ஊசியே இல்லாமல் மாற்றும் இணைப்பானைப் பயன்படுத்தலாம். தள்ளுவண்டியின் பக்கவாட்டில் சிறிய பெட்டி ஒன்றும் மேலே குழாய்த் தாங்கி ஒன்றும் பொருத்தினார்கள்.

ஆறாம் மாதம் அவர் ரத்தம் கொடுக்க வந்தபோது நானும் இருந்தேன். ரத்தம் எடுத்த மாணவி குழாயைத் தாங்கியில் நிறுத்தினாள், ஊசியை இறக்கினாள், வண்டியின் பெட்டியில் போட்டாள். தாதி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. மேற்பரப்பு ஆன்டிஜன் இல்லை. எதிர்ப்புப்பொருள் 10ஐத் தாண்டிப் பல மடங்கு மேலே இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பெரியவர் கல்லீரல் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் வருகிறாரா என்று சிஸ்டரிடம் கேட்டார்.